ஒரே ஒரு ஷேர்

ஒரு ஷேரின் விலை எவ்வளவு இருக்கும்? நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய், ரொம்ப உசத்தியான கம்பெனி என்றால் லட்ச ரூபாய். 2007-ல் ஒரு ஷேர் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்குக் கைமாறியது. அன்றைய கணக்கில் 50,000 கோடி ரூபாய்க்குப் பக்கத்தில். ஒரே ஒரு ஷேர். அந்த விற்பனையில் இந்திய அரசுக்கு வரியாகக் கிடைத்தது பூஜ்யம். அது திருட்டா, புத்திசாலித்தனமா என்று கோர்ட்டுகளும் பார்லிமென்டும் வெளிநாட்டு நடுவர்களும் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கதையைச் சொல்வதற்குமுன் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம். வரி ஏய்ப்பு ஒன்று, வரித் தவிர்ப்பு இன்னொன்று. நகைக்கடையில், "பில் வேணுமா சார், இல்ல அப்படியே போட்டுடவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்களே, அதற்குத் தலையாட்டினால் அது ஏய்ப்பு. இடத்தை 60 லட்சத்துக்கு விற்றுவிட்டு பத்திரத்தில் 35 என்று எழுதினால் அதுவும் ஏய்ப்பு. நடந்ததை மறைக்கிறீர்கள், அல்லது நடக்காததை நடந்ததாகச் சொல்கிறீர்கள். மாட்டினால் அபராதம், ஜெயில்வரை போகலாம். இதில் பெரிய தர்மசங்கடம் எதுவும் இல்லை. பொய் சொன்னால் பொய்தான்.

தவிர்ப்பில் பொய்யே கிடையாது. எல்லாமே பேப்பரில் இருக்கும், கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். பிராவிடன்ட் ஃபண்டில் ஒன்றரை லட்சம் போட்டு வரி குறைத்துக்கொள்வதைக்கூட அகராதிப்படி தவிர்ப்பு என்று சொல்லலாம். ஆனால் அது சர்க்காரே வாசலில் கோலம் போட்டுக் கூப்பிட்ட விருந்து. போய்ச் சாப்பிட்டதற்கு யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது மூன்றாவது வகை. கூப்பிடவில்லை, ஆனால் கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், கதவில் 'உள்ளே வரக்கூடாது' என்று போர்டு இல்லையே என்கிறோம். இது தப்பா?

இனி அந்த ஷேர்.

ஹட்ச் ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பையன் பின்னாலேயே ஓடும் அந்த நாய்க்குட்டி விளம்பரம். ஹட்சிஸன் எஸ்ஸார் என்ற கம்பெனி அதை நடத்தியது. அதில் பெரும்பங்கு ஹாங்காங்கைச் சேர்ந்த ஹட்சிஸன் குழுமத்துடையது. 2007 பிப்ரவரியில் ஹட்சிஸன் தன் பங்கை பிரிட்டனின் வோடஃபோனுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. கணக்குப் பார்த்தால் 67 சதவிகிதம். டவர், ஸ்பெக்ட்ரம், லைசென்ஸ், மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணிய கோடிக்கணக்கான நீங்களும் நானும், எல்லாம் இந்தியாவில். இந்தியாவில் இருக்கும் சொத்தை விற்று லாபம் பார்த்தால் இந்தியாவில் வரி கட்ட வேண்டும். மூலதன ஆதாய வரி என்று பெயர். இங்கேதான் அழகு.

ஹட்சிஸன் இந்தியக் கம்பெனியின் ஷேர்களை விற்கவே இல்லை. இந்தியக் கம்பெனியின் ஷேர்களைச் சில மொரீஷியஸ் கம்பெனிகள் வைத்திருந்தன. அந்த மொரீஷியஸ் கம்பெனிகளைப் படிப்படியாக மேலே போனால் கேமன் தீவுகளில் பதிவான சி.ஜி.பி. என்ற கம்பெனியிடம் போய் முடியும். அந்த சி.ஜி.பி.க்கு இருந்தது ஒரே ஒரு ஷேர். முகமதிப்பு ஒரு டாலர். அந்த ஒரு ஷேரை, வோடஃபோனின் ஹாலந்து கம்பெனி வாங்கிக்கொண்டது. விற்றவர் வெளிநாடு, வாங்கியவர் வெளிநாடு, விற்ற பொருளும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஷேர். இந்தியாவில் ஒரு பேப்பர்கூட அசையவில்லை. அசைந்தது, அந்த வருஷம் செப்டம்பரில், போர்டு மட்டும். ஹட்ச் போய் வோடஃபோன் வந்தது.

ஒரு சின்ன உதாரணமாகச் சொன்னால் இன்னும் எளிது. உங்களிடம் அடையாறில் ஒரு வீடு இருக்கிறது. வீட்டை விற்றால் வரி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வீட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, வெளிப்பெட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிடுகிறீர்கள். பிறகு வெளிப்பெட்டியின் சாவியை விற்கிறீர்கள். "வீட்டை எங்கே சார் வித்தேன்? சாவியைத்தானே வித்தேன். அதுவும் கேமன் தீவுல." கேமன் தீவில் மூலதன ஆதாயத்துக்கு வரி கிடையாது. ஹாங்காங்கிலும் கிடையாது. ஆக லாபத்துக்கு உலகத்தில் எங்கேயுமே வரி இல்லை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்குப் பதிலாக இன்னொரு நாட்டில் வரி கட்டினார்கள் என்ற கதை இல்லை இது.

வருமான வரித் துறை சும்மா இருக்குமா? நோட்டீஸ் விட்டது. ஆனால் லாபம் பார்த்த ஹட்சிஸனைப் பிடிக்கவில்லை. அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாங்கிய வோடஃபோனைப் பிடித்தது. நம் சட்டப்படி வெளிநாட்டவருக்குப் பணம் கொடுக்கும்போது வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் ஆபீஸ் பிடிக்கிறதே, அதே டி.டி.எஸ். சமாசாரம். பிடிக்காமல் விட்டதால் நீ கட்டு என்றது. சுமார் 11,000 கோடி ரூபாய். 2010 செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் துறைக்குச் சாதகமாகச் சொன்னது. 2012 ஜனவரி 20-ம் தேதி சுப்ரீம் கோர்ட், அப்போதைய தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான மூவர் அமர்வு, அதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது. வோடஃபோன் வரி கட்டத் தேவையில்லை.

தீர்ப்பை, 'பணக்காரனுக்கு ஒரு நியாயம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ள எனக்கு மனசில்லை. கோர்ட் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள். இந்தப் பெட்டிக்குள் பெட்டி ஏற்பாடு விற்பதற்கு முந்தின வாரம் அவசரமாகச் செய்ததா? இல்லை. சி.ஜி.பி. 1998-லேயே பதிவான கம்பெனி. நடுவில் பல வருஷம் இந்தியாவில் நிஜமாகவே தொழில் நடந்திருக்கிறது, நிஜமாகவே வரி கட்டியிருக்கிறார்கள். உலகத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் ஹோல்டிங் கம்பெனி வைத்து நடத்துகின்றன, வரி தவிர வேறு காரணங்களும் அதற்கு உண்டு. கடைசியாக, முக்கியமாக, சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்தியாவில் உள்ள சொத்தை மாற்றினால் வரி என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தியச் சொத்தை மறைமுகமாக வைத்திருக்கும் வெளிநாட்டு ஷேரை மாற்றினாலும் வரி என்று எழுதவில்லை. எழுதாததைக் கோர்ட் எழுத முடியாது. வேண்டுமானால் பார்லிமென்ட் எழுதட்டும்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு தாத்தா உண்டு. 1935-ல் இங்கிலாந்தில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வழக்கு. பிரபு பெரும் பணக்காரர். தோட்டக்காரருக்கு வாரச் சம்பளம் கொடுக்கிறார். வீட்டு வேலைக்காரர் சம்பளத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. ஆனால் ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்து, 'இன்னாருக்கு இத்தனை வருஷம் வாராவாரம் இவ்வளவு தருகிறேன்' என்று உறுதி சொன்னால் அந்தத் தொகையைக் கழிக்கலாம். பிரபுவின் வக்கீல்கள் தோட்டக்காரர் பேரில் ஒரு பத்திரம் எழுதினார்கள். கூடவே ஒரு கடிதம். 'இந்தப் பணம் சம்பளம் அல்ல, வேலை செய்தால் நீ சம்பளமும் தனியாகக் கேட்கலாம்தான். ஆனால் பத்திரப் பணம் போக மிச்சத்தை மட்டும் வாங்கிக்கொள்வாய் என்று நம்புகிறோம்.' தோட்டக்காரர் அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், அதே பணத்தை வாங்கினார், பிரபுவுக்கு வரி குறைந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளில் நாலு பேர் பிரபு பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். தன் வரி குறையும்படி தன் காரியங்களை அமைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, அந்த சாமர்த்தியம் வரி அதிகாரிக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் ஊரில் இதற்கு எதிர்ப்பாட்டும் பாடியிருக்கிறார்கள். 1985-ல் மெக்டவல் வழக்கு. ஆந்திராவில் மதுபானம் தயாரிக்கும் கம்பெனி. பாட்டில் விலையோடு எக்ஸைஸ் வரியையும் சேர்த்து மொத்த விற்பனைக்கு சேல்ஸ் டாக்ஸ் போடுவார்கள். வாங்குகிறவரே எக்ஸைஸை நேரே கஜானாவில் கட்டிவிட்டு வந்து சரக்கை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். எக்ஸைஸ் எங்கள் பெட்டிக்கே வரவில்லை, ஆகவே அது எங்கள் விற்பனையில் சேராது என்று வாதம். ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அதில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். வெஸ்ட்மின்ஸ்டர் காலம் முடிந்துபோயிற்று, அது பிறந்த நாட்டிலேயே அதைக் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள், வரித் தவிர்ப்பால் பாரம் கடைசியில் நேர்மையான ஏழைபாழைகளின் தலையில்தான் விழுகிறது என்பது அவர் நிலை. ஆனால் பின்னாளில் வந்த அமர்வுகள் அவர் பேச்சை அப்படியே பிடித்துக்கொள்ளவில்லை. பொய்யான, வெறும் வேஷமான ஏற்பாடுகளுக்குத்தான் அது பொருந்தும், எல்லா வரித் திட்டமிடலும் பாவம் இல்லை என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ஒரு ஆடிட்டர் நண்பரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். தி.நகரில் முப்பது வருஷமாகத் தொழில். மார்ச், ஜூலை மாதங்களில் அவர் சம்சாரமே அவரை அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டுதான் பார்க்க முடியும்.

"சட்டத்துல ஓட்டை இருக்குன்னு சொல்றீங்களே, ஓட்டையைப் போட்டது நாங்களா? டெல்லியில உட்கார்ந்து சட்டம் எழுதறவங்களுக்கு எங்களைவிடப் பெரிய ஆளுங்க வேலை செய்யறாங்க. அவங்க விட்டது எங்க தப்பா? ஒரு ரூபா அதிகமாக் கட்டுன்னு நான் கிளையன்ட்கிட்ட சொன்னா அடுத்த வருஷம் அவன் வேற ஆடிட்டர்கிட்ட போயிடுவான். நியாயமும் அவன் பக்கம்தான்."

"சட்டப்படி சரிங்கறதால தர்மப்படியும் சரி ஆயிடுமா சார்?"

"தர்மத்துக்கு ஸ்லாப் ரேட் என்ன? பத்து பர்சென்ட்டா, முப்பதா? அதைச் சொல்லுங்க, கட்டறோம்."

நக்கல்தான். ஆனால் நக்கலுக்குள் ஒரு பலமான வாதம் இருக்கிறது. வரி என்பது கோயில் உண்டியல் இல்லை. மனசுக்குத் தோன்றியதைப் போடுவதற்கு. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சட்டம்தான் சொல்ல முடியும், மனசாட்சி தொகை சொல்லாது. இன்னும் ஒரு படி மேலே போங்கள். சட்டத்தில் இல்லாத வரியை 'தர்மப்படி நீ கட்ட வேண்டியது' என்று வசூலிக்க ஒரு அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் மேஜைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். தர்மம் எது என்பதை அவர் தீர்மானிப்பார். தர்மத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க என்ன ரேட் என்பதையும் அவரே தீர்மானிப்பார். எழுதின சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது பணக்காரனை மட்டும் காப்பாற்றுவதில்லை. பெட்டிக்கடைக்காரரையும் அதுதான் காப்பாற்றுகிறது.

ஆகவே கோர்ட்டில் வோடஃபோன் ஜெயித்தது சரி என்றே நினைக்கிறேன். கோர்ட்டின் வேலை எழுதினதைப் படிப்பது. ஆனால் நண்பர் ஒரு இடத்தில் தாவுகிறார். தண்டிக்க முடியாது என்பதிலிருந்து தப்பே இல்லை என்பதற்கு. நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பெற்ற தகப்பனாரோடு பத்து வருஷம் பேசாமல் இருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. அதனால் அது சரி என்று யாராவது சொல்வார்களா?

ஓட்டை தப்பா இல்லையா என்று பார்க்க, நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வரியே இல்லாத உலகமாக இருந்தால் இந்தக் காரியத்தை இப்படிச் செய்திருப்பேனா? பிராவிடன்ட் ஃபண்டில் போட்ட பணம் வரி இல்லாவிட்டாலும் சேமிப்புதான், பதினைந்து வருஷம் அது நிஜமாகவே உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. சலுகைக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறீர்கள், சர்க்கார் எதற்காகச் சலுகை கொடுத்ததோ அது நடந்திருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு, வரி இல்லாத உலகத்தில் தோட்டக்காரருக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்திருப்பாரா? மாட்டார். செடி, தண்ணீர், கூலி எதுவுமே மாறவில்லை. மாறினது வரி ஒன்றுதான். உலகத்தில் எதையும் மாற்றாமல் வரியை மட்டும் மாற்றுகிற காகிதம் இருந்தால், அங்கே ஏதோ அழுகிப்போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, 'ஆமாம் சார், பெரிய கம்பெனிகளே இப்படித்தான்' என்று நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்து உட்காருவதற்கு முன்னால் இன்னொரு கணக்கு.

சென்னையில் ஒரு பையன். மாதம் 1,20,000 சம்பளம். அதில் பேசிக் 60,000, வீட்டு வாடகைப்படி 24,000. பழைய வரி முறையில் இருக்கிறான். (புதிய முறையில் இந்தச் சலுகையே கிடையாது.) குடியிருப்பது அப்பா பேரில் உள்ள சொந்த வீடு. அப்பா ரிட்டயர் ஆனவர், பென்ஷன் இல்லை, வேறு வருமானமும் இல்லை. பையன் அப்பாவுக்கு மாதம் 25,000 வாடகை கொடுப்பதாக ரசீது வாங்கி ஆபீஸில் கொடுக்கிறான். சட்டம் மூன்று தொகையைப் பார்க்கச் சொல்கிறது: வாங்குகிற படி 24,000, பேசிக்கில் பாதி 30,000, வாடகையிலிருந்து பேசிக்கின் பத்து சதவிகிதத்தைக் கழித்த 19,000. மூன்றில் எது குறைவோ அதற்கு வரி இல்லை. 19,000 ரூபாய், வருஷத்துக்கு 2,28,000. பையன் முப்பது சதவிகித ஸ்லாபில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து மிச்சம் சுமார் 71,000 ரூபாய். அப்பாவுக்கு வாடகை வருமானம் வருஷம் மூன்று லட்சம். அதில் முப்பது சதவிகிதம் கழிவு போக 2,10,000. வரி வரம்புக்குள் வந்துவிடுகிறது. அவரும் கட்ட வேண்டாம்.

இது முழுக்கச் சட்டப்படி சரி. அப்பாவுக்கு வாடகை கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இப்போது அந்த 25,000 என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு வீட்டில், மாதம் பிறந்தவுடன் அப்பா கணக்குக்குப் பணம் போகிறது. அப்பா அதில்தான் மருந்து வாங்குகிறார், சொத்து வரி கட்டுகிறார், பேத்திக்குக் கொலுசு வாங்கித் தருகிறார். அவர் கையில் காசு புழங்குகிறது, பையனிடம் கேட்கத் தேவையில்லை. இந்த வீட்டில் எந்தத் தப்பும் இல்லை. சொல்லப்போனால் வரிச் சட்டம் செய்த ஒரு நல்ல காரியம்.

இரண்டாவது வீட்டில், பணம் ஒன்றாம் தேதி அப்பா கணக்குக்குப் போய் இரண்டாம் தேதி ஏ.டி.எம்.மிலிருந்து காசாக எடுக்கப்பட்டுப் பையன் கைக்குத் திரும்பி வருகிறது. பாஸ்புக்கில் எல்லாம் சுத்தம். காகிதத்தில் முதல் வீட்டுக்கும் இதற்கும் துளி வித்தியாசம் கிடையாது. இது பெட்டிக்குள் பெட்டிகூட இல்லை, வாடகையே இல்லை. வேஷம். துல்லியமாகச் சொன்னால் இது தவிர்ப்பும் இல்லை, ஏய்ப்பு. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கண்டுபிடிப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

மூன்றாவது வீடுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பணம் அப்பா கணக்கிலேயே இருக்கிறது. திரும்பி வரவில்லை. ஆனால் ஏ.டி.எம். கார்டு பையன் பர்ஸில் இருக்கிறது. அப்பாவுக்குக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. "அப்பா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று வருஷத்துக்கு ஒரு தடவை ரசீதை நீட்டும்போது எதற்கு என்று அவர் கேட்பதும் இல்லை. இங்கே பொய் எது? பணம் போயிருக்கிறது, கணக்கு அவர் பேரில் இருக்கிறது. வருமான வரிக்காரர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் தர்மப்படி அதிக தூரம் இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கேமன் தீவில் கேட்க வேண்டிய அதே கேள்வி.

சரி, யாருக்கு நஷ்டம்? சர்க்காருக்குத்தானே, சர்க்கார் என்ன பண்ணிக் கிழிக்கிறது என்பது நம் எல்லோருடைய வாயிலும் தயாராக இருக்கும் பதில். ரோட்டில் பள்ளம், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, டெண்டரில் கமிஷன். எல்லாம் நிஜம். ஆனால் சர்க்கார் செலவு நிற்பதில்லை. பிரபு கட்டாததை வேறு யாரோ கட்டுகிறார்கள். ஓட்டைக்குள் நுழைய ஒரு டிக்கெட் உண்டு, அதன் பெயர் ஆடிட்டர் ஃபீஸ். ஹாலந்தில் ஒரு கம்பெனி, மொரீஷியஸில் நாலு, கேமனில் ஒன்று வைத்துக்கொள்ள யாரால் முடியும்? அரசாங்க பள்ளிக்கூட ஆசிரியைக்குச் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி போய்விடுகிறது. சித்தாள் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் வரி ஒட்டிக்கொண்டே வருகிறது. அவர்களுக்கு எந்தத் தீவிலும் பெட்டி கிடையாது. சின்னப்ப ரெட்டி சொன்னதில் எனக்கு உடன்பாடு இந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கலையும் மறைக்கக்கூடாது. மொரீஷியஸ் கதவைத் திறந்துவைத்ததே நம் சர்க்கார்தான். 1982-ல் போட்ட ஒப்பந்தம். மொரீஷியஸ் கம்பெனி இந்திய ஷேரை விற்று லாபம் பார்த்தால் மொரீஷியஸில்தான் வரி, அங்கேயோ அந்த வரியே இல்லை. தொண்ணூறுகளில் டாலர் வேண்டும் என்று தவித்த காலத்தில் இந்த வழியாகப் பணம் கொட்டியது. பேருக்கு ஒரு ஆபீஸ், ஒரு பெயர்ப்பலகை, ஒரு டைரக்டர். எல்லோருக்கும் தெரியும். 2000-ல் வரி வாரியமே, மொரீஷியஸ் கொடுக்கும் சான்றிதழ் இருந்தால் போதும் என்று சுற்றறிக்கை விட்டது. 2003-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. வளரும் நாடு முதலீட்டுக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. வீட்டுக்காரரே கதவைத் திறந்துவைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், உள்ளே வந்தவரை மட்டும் திருடன் என்று சொல்ல முடியுமா? பாதிப் பழி வீட்டுக்காரருக்கும் உண்டு. ஆனால் அந்தக் கதவு வழியே உள்ளூர் ஆட்களும் நுழைந்தார்கள். இங்கே சம்பாதித்த கறுப்பை ஹவாலாவில் வெளியே அனுப்பி, மொரீஷியஸ் கோட்டு சூட்டு போட்டு, அன்னிய முதலீடு என்று மாலை மரியாதையோடு திரும்ப அழைத்து வந்தார்கள். அது ஓட்டை இல்லை, கன்னக்கோல். கதவை 2016-ல்தான் மாற்றி எழுதினார்கள். 2017 ஏப்ரல் முதல் வாங்கின ஷேர்களை விற்றால் இந்தியாவில் வரி உண்டு.

வோடஃபோன் கதை தீர்ப்போடு முடியவில்லை. தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், 2012 மார்ச் பட்ஜெட்டில், நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி சட்டத்தைத் திருத்தினார். இந்தியச் சொத்தால் பெரும்பகுதி மதிப்பு பெறும் வெளிநாட்டு ஷேரை விற்றாலும் இந்தியாவில் வரி. நல்ல திருத்தம், ஓட்டை அடைபட்டது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து? 1962 ஏப்ரல் 1-லிருந்து. அதாவது ஐம்பது வருஷத்துக்கு முன்பிருந்தே சட்டம் இப்படித்தான் இருந்ததாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். கேரம் ஆட்டம் முடிந்து, தோற்றவன் எழுந்து போய் விதியை மாற்றி எழுதி, மறுபடி உட்கார்ந்து, 'இப்ப பாரு, நீதான் தோத்தே' என்றால் எப்படி இருக்கும்?

வோடஃபோன் செய்தது தர்மப்படி தப்பு என்று சொல்கிற நான், சர்க்கார் செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்று சொல்வேன். காரணம் இருக்கிறது. ஓட்டையைப் பயன்படுத்தியவர் எழுதியதை நம்பினார், அதன் உணர்வை மதிக்கவில்லை. சர்க்கார் எழுதியதையே மதிக்கவில்லை. நேற்று செய்த காரியத்துக்கு நாளைக்குச் சட்டம் வரும் என்றால், நாணயமாக இருக்க நினைப்பவருக்குக்கூட எது நாணயம் என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. தவிரவும், லாபம் பார்த்தவர் ஹட்சிஸன், பிடித்தது வோடஃபோனை. வரி தவிர்த்ததின் பலனை விலையில் கொஞ்சம் அவர்களும் அனுபவித்திருக்கலாம், ஆனால் பெரும்பங்கு விற்றவருக்குத்தானே?

வோடஃபோன் நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி சர்வதேச நடுவர்களிடம் போனது. 2020 செப்டம்பரில் இந்தியா நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் பார்லிமென்ட் இன்னொரு சட்டம் போட்டு, 2012 மே 28-க்கு முந்தைய விற்பனைகளுக்கு அந்தப் பின்தேதி வரியைக் கைவிட்டது. அதற்குப் பிந்தைய விற்பனைகளுக்கு வரி உண்டு. முதலிலேயே அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. நான் மேலே சொன்ன 'வரி இல்லாவிட்டால் இதைச் செய்வாயா' என்ற கேள்வியைச் சட்டமே கேட்க ஆரம்பித்துவிட்டது. கார் என்று ஆடிட்டர்கள் செல்லமாகச் சொல்லும் பொது வரித்தவிர்ப்புத் தடுப்பு விதி, 2017 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. ஒரு ஏற்பாட்டின் முக்கிய நோக்கமே வரி மிச்சம் பிடிப்பதுதான், அதில் வியாபார சாரம் இல்லை அல்லது சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று நிரூபித்தால், அந்த ஏற்பாடே நடக்கவில்லை என்று வைத்து வரி போடலாம். அதிகாரி தன்னிஷ்டத்துக்குப் போட முடியாது, ஒரு குழுவின் அனுமதி வேண்டும். மூன்று கோடி ரூபாய்க்குள் வரி மிச்சம் என்றால் விதி எட்டிப்பார்க்காது.

ஆகவே மூன்றாவது வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. அவருடைய 71,000 ரூபாயை எந்தக் குழுவும் தேடி வராது. இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "போன வாரம் ஒரு பையன் ரசீதோட வந்தான். அப்பா கையெழுத்து எங்கடான்னேன். நீங்களே போட்டுடுங்க அங்கிள், அவர் ஊருக்குப் போயிருக்கார்ங்கறான்" என்றார்.

"போட்டீங்களா?"

"ஊர்லேர்ந்து வந்ததும் வாங்கிட்டு வாடான்னு அனுப்பிட்டேன். கார்டு யார்கிட்ட இருக்குன்னு நான் கேக்கலை. அது என் வேலை இல்லை."